ஆய்வு முன்னோடிகள் பகுதி பட்டியலாக வந்து நிற்கிறது, எப்படிப் பிரிப்பது? (சீறாப்புராணம்)

அலைவாய்க்கரை | ஜூன் 4, இரவு 10.15

கீழக்கரையில் பள்ளி ஆசிரியை, பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு. தலைப்பு உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் வரும் நாட்டு வருணனை. அரபு நாட்டைப் பாட வந்தவர் மழையும் ஆறும் நெல்வயலுமாகப் பாடுகிறாரே, அதைப் பற்றி.

முதல் இயலில் ஆய்வு முன்னோடிகள் பகுதி எழுதிக் கொடுத்தேன். நெறியாளர் ஓரத்தில் ‘பட்டியல்’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறு விளக்கம் இல்லை. நான் எழுதியதன் சுருக்கம் இது:

"ம. மு. உவைஸ் (1953) முஸ்லிம்கள் தமிழ் இலக்கியத்துக்கு ஆற்றிய பணியை எடுத்துரைக்கிறார். அசிம் ராய் (1983) வங்காள இஸ்லாமிய மரபை ஆராய்கிறார். வசுதா நாராயணன் (2000) சீறாப்புராணத்தில் தமிழ் மரபு அமைந்திருப்பதைக் குறிப்பிடுகிறார். டோனி ஸ்டூவர்ட் (2001) வங்காள நூல்களைப் பற்றி எழுதியுள்ளார். ரோனித் ரிச்சி (2011) ஆயிரமசலா நூலை ஜாவா, மலாய் நூல்களோடு ஒப்பிடுகிறார்."

ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி, ஆண்டு வரிசையில். தகவல் எதுவும் தப்பில்லை. இதில் என்ன குறை?

மரைக்கா | ஜூன் 4, இரவு 11.02

லாத்தா, உமறுப் புலவரைப் பற்றி என்ன வேணும்னாலும் கேளுங்க. கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் படித்தவர். சீறா பாடச் சொன்னவர் நம்ம ஊர் வள்ளல் சீதக்காதி. நூல் முடிவதற்குள் வள்ளல் மவுத்தாகிவிட்டார், அப்புறம் அபுல் காசிம் மரைக்காயர் ஆதரித்தார் என்று சொல்வார்கள். புலவர் அடக்கம் எட்டயபுரத்தில். இதையெல்லாம் முதலில் போட்டால் நெறியாளர் ஏன் திருப்பிக் கொடுக்கப் போகிறார்?

அலைவாய்க்கரை | ஜூன் 4, இரவு 11.20

காக்கா, அது நூலாசிரியர் வரலாறு. அதற்குத் தனிப் பகுதி இருக்கிறது. நான் கேட்பது, நூலைப் பற்றி மற்றவர்கள் எழுதியதை எப்படி அடுக்குவது என்று.

தொண்டிக்காரன் | ஜூன் 5, காலை 7.40

எம்.ஃபில். செய்தபோது எனக்கும் இதே வந்தது. வழி எளிது: குழுவாகப் பிரியுங்கள். தமிழ் அறிஞர்கள் ஒரு குழு, வெளிநாட்டு அறிஞர்கள் ஒரு குழு. இல்லாவிட்டால் 1980-க்கு முன், பின். துணைத்தலைப்பு போட்டுவிட்டால் பட்டியல் மாதிரித் தெரியாது.

சேதுக்கரை | ஜூன் 5, காலை 11.30

துணைத்தலைப்பு போட்டால் பட்டியல் இரண்டு பட்டியலாகும். வேறு ஒன்றும் நடக்காது.

குழுவாகப் பிரிக்க வேண்டும் என்று தொண்டிக்காரர் சொல்வது சரி. ஆனால் அவர் ஆட்களைப் பிரிக்கிறார். பிரிக்க வேண்டியது விடைகளை. உவைஸ் இலங்கைக்காரர், ஸ்டூவர்ட் அமெரிக்கர் என்பது அவர்கள் என்ன வாதிடுகிறார்கள் என்பதைச் சொல்லாது. ஒரே ஊரில் ஒரே துறையில் இருப்பவர்கள் எதிரெதிர் முடிவுக்கு வந்திருப்பார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இரண்டு பேர், ஒருவரை ஒருவர் படிக்காமலே ஒரே முடிவுக்கு வந்திருப்பார்கள்.

பல்கலைக்கழகங்களுக்குப் புறத்தேர்வாளராக ஆய்வேடு படித்த பழக்கத்தில் சொல்கிறேன். இந்தப் பகுதியை எடுத்ததும் நான் செய்வது ஒன்றுதான். ஒரு பத்தியை மனத்தில் தூக்கி, இரண்டு பத்தி தள்ளி வைத்துப் பார்ப்பேன். எதுவும் கெடவில்லை என்றால் அது பட்டியல். தங்கச்சி எழுதியதில் ராய் பத்தியை ரிச்சிக்குப் பின்னால் வைத்தால் என்ன கெடும்? ஒன்றும் கெடாது. நெறியாளர் சொன்னது அதைத்தான்.

நிலைப்பாடு என்பது ஒரு கேள்விக்கான விடை. கேள்வியை எழுதாமல் நிலைப்பாட்டைத் தேடினால் கிடைக்காது. உங்கள் ஐந்து பேருக்கும் பொதுவாக ஒரு கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் சிறப்பு யாது என்ற மாதிரி வேண்டாம். இரண்டு பேர் வெவ்வேறு விடை சொல்லக்கூடிய கேள்வியாக இருக்க வேண்டும்.

அலைவாய்க்கரை | ஜூன் 5, இரவு 9.50

ஐயா, இப்படிக் கேட்கலாமா: "அரபு நாட்டைத் தமிழ் நிலமாகப் பாடியது எதனால்?"

சேதுக்கரை | ஜூன் 5, இரவு 10.30

கேட்கலாம், நல்ல கேள்வி. ஆனால் ஐந்து பேரில் மூன்று பேர் சீறாவின் நாட்டு வருணனையைப் பற்றி நேரடியாகப் பேசவில்லை. ராயும் ஸ்டூவர்ட்டும் வங்காளத்தில் நிற்கிறார்கள். ரிச்சியின் மைய நூல் ஆயிரமசலா. அது 1572-இல் வண்ணப்பரிமளப் புலவர் செய்தது, சீறாவுக்கு நூறாண்டுக்கு மேல் மூத்தது. கேள்வியை ஒரு படி மேலே தூக்குங்கள்: "இஸ்லாத்தைப் பாட வந்த புலவர் உள்ளூர் இலக்கிய மரபைக் கையில் எடுப்பது என்ன வேலை செய்கிறது?" இதற்கு ஐந்து பேரிடமும் விடை இருக்கும். சீறாவின் வயலும் ஆறும் அதற்குள் ஒரு சான்றாக வந்து உட்காரும்.

இப்போது ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுத்தாள். அதில் அவருடைய விடை, உங்கள் சொல்லில், ஒரே வாக்கியம். கீழே பக்க எண். ‘ஆராய்கிறார்’, ‘எடுத்துரைக்கிறார்’, ‘குறிப்பிடுகிறார்’ மூன்றும் தாளில் வரக்கூடாது. அந்தச் சொற்களை விட்டுவிட்டால், அவர் என்ன சொன்னார் என்று எழுதியே ஆக வேண்டி வரும். எழுத முடியவில்லை என்றால் இரண்டில் ஒன்று: நீங்கள் இன்னும் அவரைச் சரியாகப் படிக்கவில்லை, இல்லாவிட்டால் அவருக்கு இந்தப் பகுதியில் இடமில்லை.

மண்டபம் முனை | ஜூன் 6, காலை 6.15

நான் கடல்பாசி ஆய்வு. எங்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு. கப்பாபைகஸ் பாசி வளர்ப்பு பற்றி எழுதும்போது ஆண்டு வரிசையில்தான் எழுதினேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை மேல் அந்தப் பாசி படர்ந்துவிட்டது என்று 2008-இல் ஒரு கட்டுரை வந்தது. அதற்கு முந்தியது ஒரு பக்கம், பிந்தியது ஒரு பக்கம். இது நிலைப்பாட்டுப் பிரிப்பு ஆகுமா, ஆண்டு வரிசை ஆகுமா?

சேதுக்கரை | ஜூன் 6, காலை 9.10

மண்டபம் தம்பி, உங்கள் இடத்தில் ஆண்டே நிலைப்பாட்டைப் பிரித்துவிட்டது. அந்தச் சான்று வந்தபின் எழுதுகிறவர் அதற்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது. அப்படி ஒரு திருப்பம் இருக்கிற துறையில் ஆண்டு வரிசை பொருந்தும். ஆனால் 2008-க்குப் பிறகு எழுதியவர்கள் எல்லோரும் ஒரே பக்கமா? வளர்ப்பையே நிறுத்து என்பவர், பாறையிலிருந்து தள்ளி வைத்து வளர்க்கலாம் என்பவர், பரவல் அந்த அளவுக்கு இல்லை என்பவர் என்று பிரிந்திருந்தால் அங்கே மறுபடி விடையை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

தொண்டிக்காரன் | ஜூன் 6, பகல் 1.25

அப்படியென்றால் காலம் முக்கியம் என்று நான் சொன்னது சரிதானே?

சேதுக்கரை | ஜூன் 6, பகல் 2.00

ஒருவர் இன்னொருவருக்குப் பதில் சொல்கிற இடத்தில் காலம் முக்கியம். ராய் 1983-இல் சொன்ன கலப்பு மரபு என்ற கருத்தோடுதான் 2001-இல் ஸ்டூவர்ட் மல்லுக்கு நிற்கிறார். அந்த இரண்டு பேரையும் முன்பின்னாக மாற்ற முடியாது. ஆகவே குழு விடையை வைத்து, குழுவுக்குள் காலத்தை வைத்து. 1980-க்கு முன், பின் என்று நடுவில் ஒரு கோடு போடுவது வேறு விஷயம். அந்தக் கோட்டுக்குக் காரணம் இல்லை.

அலைவாய்க்கரை | ஜூன் 8, இரவு 11.40

துண்டுத்தாள் எழுதிவிட்டேன். பள்ளித் தேர்வுத்தாள் திருத்தும் வேலையோடு சேர்ந்ததால் நேரமாகிவிட்டது.

உவைஸ்: முஸ்லிம் புலவர்கள் தமிழ்க் காப்பிய மரபை முழுதாக ஏற்று, அதற்குள் புதிய பொருளைக் கொண்டுவந்து தமிழை வளப்படுத்தினார்கள்.

ராய்: மக்களுக்குப் பழகிய கதை வடிவங்களில் இஸ்லாத்தை இடையாளர்கள் எடுத்துச் சொன்னார்கள். அதில் ஒரு கலப்பு மரபு உருவானது.

நாராயணன்: சீறாவின் மொழியும் நிலமும் மரபும், தமிழ் முஸ்லிம்கள் மற்றத் தமிழரோடு பகிர்ந்துகொண்ட வட்டார அடையாளத்தைக் காட்டுகின்றன.

ஸ்டூவர்ட்: கலப்பு என்று சொல்வதே தவறு. புலவர் தன் கருத்துக்கு உள்ளூர் மொழியில் நிகரானதைத் தேடுகிறார். கருத்து அவருடையதாகவே இருக்கிறது.

ரிச்சி: தமிழ் நூலை ஜாவா, மலாய் நூல்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அரபு மொழியாலும் கதைகளாலும் இணைந்த ஒரு பெரிய வெளியில் அவை எல்லாம் இருக்கின்றன.

இதை எழுதிப் பார்த்ததும்தான் ராயும் ஸ்டூவர்ட்டும் சண்டை போடுவது கண்ணில் படுகிறது. ஆனால் நாராயணன் எங்கே போவார்? உவைஸோடும் சேர்கிறார், தனியாகவும் நிற்கிறார்.

சேதுக்கரை | ஜூன் 9, காலை 10.45

தாள்கள் நன்றாக வந்திருக்கின்றன. இவற்றை மேசையில் பரப்பி நகர்த்திப் பாருங்கள். எனக்குத் தெரிவது மூன்று குவியல்.

ஒன்று, உள்ளூர் மரபை எடுப்பது அந்த மண்ணுக்கு உரியவர் என்பதைக் காட்டுகிறது. உவைஸ், நாராயணன். இரண்டு, அது இரண்டு சமய உலகங்களுக்கு நடுவில் நடக்கும் வேலை. ராய், ஸ்டூவர்ட். அந்த வேலை கலப்பா, நிகர் தேடுவதா என்பதில் அவர்கள் உள்ளுக்குள் மோதுகிறார்கள். மூன்று, உள்ளூரை மட்டும் பார்ப்பதே போதாது, கடல்வழித் தொடர்பைப் பார்க்க வேண்டும். ரிச்சி.

ராயும் ஸ்டூவர்ட்டும் எதிரிகள், அவர்களை ஒரே குவியலில் போடலாமா என்று கேட்பீர்கள். போடலாம். கேள்வி என்ன என்பதில் இரண்டு பேரும் உடன்படுகிறார்கள், விடையில்தான் பிரிகிறார்கள். உங்கள் பகுதியிலேயே உயிருள்ள இடம் அதுதான், அதற்கு இரண்டு பத்தி கொடுங்கள்.

நாராயணன் இரண்டு குவியலிலும் கால் வைக்கிறார் என்றால் அவருடைய கட்டுரையின் முதன்மை வாதம் எதுவோ அங்கே வையுங்கள். இரண்டாவது குவியலுக்குத் திரும்பும் இடத்தில் அவரை ஒரு வாக்கியத்தில் மறுபடி அழைக்கலாம். ஒருவர் பெயர் ஒரே இடத்தில்தான் வர வேண்டும் என்று விதி இல்லை. பட்டியலில்தான் அப்படி வரும்.

சேதுக்கரை | ஜூன் 9, மாலை 4.20

காலையில் சொன்னதில் சேர்க்க வேண்டியது ஒன்று. ராய், ஸ்டூவர்ட் இருவரையும் சீறாப்புராண விமர்சகர்கள் போல எழுதிவிடாதீர்கள். நிலைப்பாட்டு வாரியாக எழுதும்போது நடக்கிற பெரிய விபத்து இதுதான். குவியல் அழகாக அமைய வேண்டும் என்பதற்காக, சொல்லாததை ஒருவர் வாயில் போட்டுவிடுவார்கள். பட்டியல் எழுதுகிறவருக்கு இந்த ஆபத்து இல்லை, பட்டியல் மந்தமானது ஆனால் பொய் சொல்லாது. "வங்காள நூல்களை வைத்து ஸ்டூவர்ட் முன்வைக்கும் வாதம் சீறாவுக்குப் பொருந்துமானால்" என்று எழுதுங்கள். பொருத்திப் பார்ப்பது உங்கள் வேலை என்பது அந்த ஒரு தொடரிலேயே தெரியும்.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. அந்த விமர்சகரே உங்கள் வாக்கியத்தைப் படித்தால் "ஆமாம், நான் சொன்னது இதுதான்" என்பாரா என்று கேட்டுப் பாருங்கள். தயங்குவார் என்று தோன்றினால் பக்க எண்ணுக்குத் திரும்பிப் போங்கள்.

மரைக்கா | ஜூன் 9, இரவு 8.30

சேதுக்கரை ஐயா, ஒன்று கேட்கலாமா? சின்ன வயதில் எங்கள் வீட்டில் சீறா ராகம் போட்டுப் படிப்பார்கள், பொம்பளைகள் தூணோரம் உட்கார்ந்து கேட்பார்கள். இவர்கள் யாருமே அந்தக் கேட்டவர்களைப் பற்றிப் பேசவில்லையே. வயல் வருணனை வருகிற இடத்தில் எங்கள் உம்மம்மா சிரிப்பார்கள். கீழக்கரையில் ஏது நெல்வயல்? எங்களுக்குக் கடலும் பனையும்தான்.

அலைவாய்க்கரை | ஜூன் 9, இரவு 9.05

காக்கா! இதை இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தீர்களே. வருணனையில் வரும் மருத நிலம் இங்கே கேட்டவர்களுக்கே சொந்த நிலம் இல்லை. அப்படியென்றால் முதல் குவியல் சொல்கிற ‘அந்த மண்’ எந்த மண்?

சேதுக்கரை | ஜூன் 9, இரவு 10.10

இதை விடாதீர்கள் தங்கச்சி. மூன்று குவியலும் புலவரைப் பார்க்கின்றன, கேட்டவர்கள் பக்கம் உங்கள் இடம் இருக்கலாம். ஆனால் ‘இதுவரை யாரும் ஆராயவில்லை’ என்று எழுதாதீர்கள். புறத்தேர்வாளர் முதலில் கை வைக்கிற வாக்கியம் அது, ஒரே ஒரு கட்டுரையைக் காட்டினால் விழுந்துவிடும். "இம்மூன்று நிலைப்பாடுகளும் புலவரின் தேர்வை விளக்குகின்றன. கடற்கரையில் இருந்து கேட்டவர்களுக்கு இந்த வயல் என்னவாக இருந்தது என்பதை இவை கேள்வியாக எடுக்கவில்லை" என்றால் நீங்கள் படித்த அளவுக்குள் நிற்கிறது.

அதோடு மரைக்கா தம்பியின் உம்மம்மா சிரித்தது சான்று ஆகாது. நேர்காணலாக முறைப்படி பதிவு செய்தால் பின்னால் ஓர் இயலில் வரலாம். முன்னோடிகள் பகுதியில் வராது. காப்பியத்தில் நாட்டுப்படலம் என்றாலே வயல் வருவது மரபு என்ற பதிலும் உடனே வரும், அதற்கும் தயாராக இருங்கள்.

தொண்டிக்காரன் | ஜூன் 10, காலை 8.00

ஒரு மறுப்பு. உவைஸை ஒரு ‘நிலைப்பாடு’ ஆக்குவது அவருக்கு அநியாயம். 1953-இல் முஸ்லிம்கள் எழுதிய தமிழ் நூல்களைத் தேடி எடுத்து, இவ்வளவு இருக்கிறது என்று காட்டியவர் அவர். பின்னால் மதுரையில் இருந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதியவர்களில் ஒருவர். அவர் நூல்களைப் பதிவு செய்தார். யாரோடும் வாதாடவில்லை. பதிவு செய்தவரை வாதாடியவர்களோடு ஏன் நிறுத்துகிறீர்கள்?

சேதுக்கரை | ஜூன் 10, காலை 11.15

அவருக்கு வாதம் உண்டு. இந்த நூல்கள் தமிழ் இலக்கிய வரலாற்றுக்குள் வர வேண்டும் என்பதே வாதம். எதை எடுத்து வைப்பது, எந்தத் தலைப்பின் கீழ் வைப்பது என்பதில் அது இருக்கிறது.

தொண்டிக்காரன் | ஜூன் 10, பகல் 12.40

அப்படிப் பார்த்தால் நூலகத்தில் அட்டவணை எழுதுகிறவருக்கும் நிலைப்பாடு உண்டு. எல்லாமே நிலைப்பாடு என்றால் அந்தச் சொல்லுக்குப் பயன் இல்லை. அவருக்குத் தனிப் பத்தி கொடுத்து, "இந்த விவாதத்துக்கு அடித்தளம் போட்டவர்" என்று முதலில் வைத்துவிட்டு அப்புறம் குவியலுக்குப் போகலாம். நான் இதில் இறங்கி வர மாட்டேன்.

சேதுக்கரை | ஜூன் 10, இரவு 9.30

பகல் முழுக்க இதையே யோசித்தேன். தொண்டிக்காரர் சொல்கிற அமைப்பிலும் பகுதி நிற்கும். நான் இன்னும் உவைஸை முதல் குவியலில்தான் வைப்பேன், ஏனென்றால் நாராயணன் அவரிடமிருந்து எங்கே விலகுகிறார் என்பதை அப்போதுதான் காட்ட முடியும். தனியாக வைத்தால் அவர் மரியாதைக்குரிய முன்னுரையாகி, யாரும் அவரோடு பேசாமல் போய்விடும். தங்கச்சி இரண்டையும் எழுதிப் பார்த்து முடிவு செய்யட்டும்.

அலைவாய்க்கரை | ஜூன் 13, இரவு 10.50

இரண்டாம் குவியலின் தொடக்கத்தை எழுதினேன்:

"உள்ளூர் மரபை எடுத்தாள்வது மண்ணுக்கு உரியவர் என்று காட்டுவதோடு நிற்பதில்லை, இரண்டு சமய உலகங்களுக்கு இடையே அது ஒரு வேலையைச் செய்கிறது என்பது இரண்டாவது நிலைப்பாடு. வங்காள நூல்களைக் கொண்டு இதை முன்வைத்த ராய் (1983), இடையாளர்கள் பழகிய வடிவங்களில் இஸ்லாத்தை எடுத்துச் சொன்னதால் கலப்பு மரபு ஒன்று உருவானது என்கிறார். அதே வங்காளச் சூழலில் நின்று ஸ்டூவர்ட் (2001) இதை மறுக்கிறார். கலப்பு என்று சொல்லும்போது, கலப்பதற்கு முன் தூய்மையான இரண்டு பொருள்கள் இருந்தன என்று எண்ணிவிடுகிறோம் என்பது அவர் மறுப்பு. புலவர் நிகரானதைத் தேடினார் என்ற அவருடைய விளக்கம் சீறாவுக்குப் பொருந்துமானால், உமறுப் புலவரின் நெல்வயல் அரபு நிலத்தின் செழிப்பைத் தமிழில் சொல்லக் கிடைத்த வழி ஆகிறது. கலப்பின் அடையாளம் என்று அதைச் சொல்ல முடியாது."

சேதுக்கரை | ஜூன் 14, காலை 7.20

இதில் எந்த வாக்கியத்தையாவது இடம் மாற்ற முடியுமா பாருங்கள். முடியாது. ஒவ்வொன்றும் முந்தையதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. முதல் வாக்கியம் ஆள் பெயரில் தொடங்காமல் கருத்தில் தொடங்குகிறது, அதுவே பத்தியைத் தூக்கி நிறுத்துகிறது.

ஒரே குறை. ராய்க்கு ஒரு வாக்கியம், ஸ்டூவர்ட்டுக்கு நான்கு. நீங்கள் ஸ்டூவர்ட் பக்கம் சாய்ந்துவிட்டீர்கள், அதில் தப்பில்லை. ஆனால் தோற்கப் போகிறவருக்கு அவருடைய வலுவான சான்றைக் கொடுத்துவிட்டுத் தோற்கடியுங்கள். ராய் எந்த நூல்களை வைத்துச் சொன்னார், அவற்றில் எது அவரை அப்படிச் சொல்ல வைத்தது என்று இன்னும் இரண்டு வாக்கியம் வேண்டும். அது இல்லாமல் ஸ்டூவர்ட்டின் மறுப்புக்கும் எடை வராது.

மண்டபம் முனை | ஜூன் 14, காலை 8.05

இதைப் படித்துவிட்டு என்னுடைய பகுதியில் 2008-க்குப் பிந்தியவற்றைத் துண்டுத்தாளில் எழுதத் தொடங்கினேன். எல்லோரும் ஒரே பக்கம் இல்லை. ஒருவர் சோதனை செய்த இடம் வளைகுடாப் பக்கம், இன்னொருவருடையது பாக் நீரிணைப் பக்கம். இடம் வேறு என்பதால் முடிவு வேறாக வந்ததா, உண்மையிலேயே கருத்து வேறா என்று பிரிக்க முடியவில்லை.

சேதுக்கரை | ஜூன் 14, காலை 9.00

அதைப் பிரிக்க முடியவில்லை என்பதையே எழுதுங்கள் தம்பி. இரண்டு இடத்திலும் ஒரே முறையில் சோதித்தவர் யாராவது இருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள்.

அலைவாய்க்கரை | ஜூன் 14, இரவு 9.15

கடைசியாக ஒன்று ஐயா. செய்குத்தம்பிப் பாவலர் சீறாவுக்கு எழுதிய உரையை எந்தக் குவியலில் வைப்பது? துண்டுத்தாள் எழுதப் பார்த்தேன், வாக்கியம் வரவில்லை.

சேதுக்கரை | ஜூன் 14, இரவு 9.40

வாக்கியம் வராது. அவர் செய்யுளுக்குப் பொருள் சொல்கிறார், உங்கள் கேள்வி அவர் முன் இல்லை. குவியல் எதிலும் வைக்க வேண்டாம். நாட்டுப்படலப் பாடல்களை நீங்கள் விளக்கும் இயலில் பாட்டுக்குப் பாட்டு அவரோடு பேசுங்கள், அங்கே அவருக்கு நிறைய இடம் இருக்கிறது. முன்னோடிகள் பகுதியில், எந்த உரையைப் பின்பற்றுகிறீர்கள் என்று ஒரு வரி போதும்.

தொண்டிக்காரன் | ஜூன் 14, இரவு 10.05

அப்போ உவைஸுக்கும் அதே நியாயம்தானே?

அலைவாய்க்கரை | ஜூன் 14, இரவு 10.30

உவைஸை இரண்டு விதமாகவும் எழுதிக்கொண்டு வியாழக்கிழமை நெறியாளரைப் பார்க்கிறேன். அவர் எதை ஏற்கிறார் என்று வந்து சொல்கிறேன்.